ஒரே லாபம், மூன்று வழி: தோட்டக் கம்பெனியையும் பொட்டலக் கம்பெனியையும் எடைபோடுவது எப்படி?

மூணாறு மலைகளில் கொழுந்து பறிக்கும் தமிழர்களில் ஆயிரக்கணக்கானோர் கூலி வாங்குகிறவர்கள் மட்டுமல்லர், பங்குதாரர்களும் ஆவர். 2005-ஆம் ஆண்டு ஏப்ரல் 1-ஆம் தேதி டாட்டா டீ நிறுவனம் மூணாறுத் தோட்டங்களைக் கண்ணன் தேவன் ஹில்ஸ் பிளாண்டேஷன்ஸ் என்ற புதிய கம்பெனியிடம் ஒப்படைத்தது. அந்தக் கம்பெனியின் பெரும்பான்மைப் பங்குகளைத் தொழிலாளர்களும் ஊழியர்களும் வாங்கினார்கள். டாட்டா நிறுவனம் சிறுபான்மைப் பங்குதாரராக நின்றுகொண்டது. "கண்ணன் தேவன்" என்ற தேயிலைப் பெயரைத் தன்னிடமே வைத்துக்கொண்டது. மலை ஒரு கம்பெனிக்கு, பெயர் மற்றொரு கம்பெனிக்கு என்று பிரிந்தது.

பங்கு கையில் இருப்பவருக்கு ஆண்டுதோறும் ஓர் அறிக்கை வரும். அதில் லாபம் இவ்வளவு, டிவிடெண்ட் இவ்வளவு என்று அச்சிட்டிருக்கும். எஸ்டேட் ஆபீஸில் கணக்கெழுதும் குமாஸ்தாவிடம் அதைக் கொண்டுபோய், "நம்ம கம்பெனி நல்லாப் போகுதா சார்?" என்று கேட்பவர்கள் உண்டு. குமாஸ்தா பெரும்பாலும் ஓர் எண்ணைப் பார்த்துப் பதில் சொல்வார். பங்குதாரர்கள் போட்ட பணத்துக்கு நூற்றுக்கு எத்தனை ரூபாய் லாபம் கிடைத்தது என்பதே அந்த எண். பாங்கில் போட்டால் இவ்வளவு வட்டி, இங்கே இவ்வளவு லாபம் என்று ஒப்பிட அது வசதியானது. ஆனால் அந்த ஓர் எண்ணை மட்டும் பார்த்து இரண்டு கம்பெனிகளை எடைபோட்டால் ஏமாற நேரும். ஒரே விளைவுக்கு மூன்று வெவ்வேறு வழிகள் உண்டு. எந்த வழியில் வந்தது என்பதைப் பொறுத்தே அடுத்த ஆண்டு என்ன நடக்கும் என்பது இருக்கிறது.

வெடிமருந்துக் கம்பெனியில் பிறந்த கணக்கு

அமெரிக்காவில் டுபாண்ட் என்றொரு வெடிமருந்துக் கம்பெனி இருந்தது. 1910-களில் அங்கே வேலை பார்த்த டொனால்ட்சன் பிரவுன் என்ற என்ஜினீயர், பல தொழில்களில் இறங்கியிருந்த அந்தக் கம்பெனியின் கிளைகளை எப்படி ஒப்பிடுவது என்று யோசித்தார். ஒரு கிளை ஒவ்வொரு விற்பனையிலும் நிறைய லாபம் பார்க்கும். ஆனால் அதன் சரக்கு மெதுவாக நகரும். மற்றொன்று கொஞ்ச லாபத்துக்கு வேகமாக விற்கும். இரண்டையும் ஒரே தட்டில் நிறுக்க, லாப விகிதத்தையும் சொத்து எத்தனை தடவை சுழல்கிறது என்பதையும் பெருக்கிப் பார்த்தார் பிரவுன். பின்னர் அவர் ஜெனரல் மோட்டார்ஸ் கார் கம்பெனிக்குச் சென்றபோது இந்த முறையும் அவருடன் சென்றது. பிற்காலத்தில் கடன் எவ்வளவு என்பதும் மூன்றாவது பகுதியாகச் சேர்க்கப்பட்டது. இன்றைக்கும் கணக்கர்கள் இதை டுபாண்ட் முறை என்றே அழைக்கிறார்கள்.

மூன்று கேள்விகள்தாம் முழு முறையும். முதல் கேள்வி: 100 ரூபாய்க்கு விற்றால் எல்லாச் செலவும், வட்டியும் போக எவ்வளவு மிஞ்சுகிறது? இது லாப விகிதம். இரண்டாவது: கம்பெனியிடமுள்ள ஒவ்வொரு ரூபாய்ச் சொத்தும் ஓராண்டில் எத்தனை ரூபாய் விற்பனையைக் கொண்டுவருகிறது? இது சொத்துச் சுழற்சி. மூன்றாவது: பங்குதாரர்கள் போட்ட ஒவ்வொரு ரூபாய்க்கும் எத்தனை ரூபாய்ச் சொத்து நிற்கிறது? சொத்து அதிகமாகவும் சொந்தப் பணம் குறைவாகவும் இருந்தால் இடைவெளியை நிரப்பியது வெளியார் பணம் என்று பொருள். ஆகவே இதைக் கடன் பெருக்கம் எனலாம். மூன்றையும் பெருக்கினால் பங்குதாரர் பணத்துக்குக் கிடைத்த லாப விகிதம் வந்துவிடும்.

இரண்டு கம்பெனிகள்

இதை ஓர் உதாரணத்தில் பார்க்கலாம். பின்வரும் தொகைகள் எந்த நிஜக் கம்பெனியின் கணக்கும் அல்ல. விளக்கத்துக்காக முழு எண்களாக அமைத்துக்கொண்டவை. வருமான வரியும் சேர்க்கப்படவில்லை.

மலையில் ஒரு தோட்டக் கம்பெனி இருக்கிறது. தேயிலைச் செடிகள், பாக்டரி, லயங்கள், லாரிகள், கையிருப்புத் தூள் எல்லாம் சேர்த்து அதன் மொத்தச் சொத்து 400 கோடி ரூபாய். ஆண்டு விற்பனையும் 400 கோடி. எல்லாச் செலவும் போக லாபம் 24 கோடி. பங்குதாரர் நிதி, அதாவது அவர்கள் போட்ட முதலும் சேர்ந்துபோன பழைய லாபமும், 160 கோடி.

சமவெளியில் ஒரு பொட்டலக் கம்பெனி இருக்கிறது. அதற்குத் தோட்டம் இல்லை. ஏலத்தில் தேயிலை வாங்கிக் கலந்து, பொட்டலம் போட்டுத் தன் பெயரில் கடைகளுக்கு அனுப்புகிறது. அதற்கும் மொத்தச் சொத்து 400 கோடிதான். ஆனால் விற்பனை 960 கோடி, லாபம் 48 கோடி, பங்குதாரர் நிதி 320 கோடி.

தோட்டக் கம்பெனியில் 160 கோடிக்கு 24 கோடி; நூற்றுக்கு 15. பொட்டலக் கம்பெனியில் 320 கோடிக்கு 48 கோடி. அதுவும் நூற்றுக்கு 15. ஓர் எண்ணை மட்டும் பார்ப்பவர் இரண்டும் சமம் என்று முடித்துவிடுவார்.

இப்போது மூன்றாகப் பிரிக்கலாம். தோட்டக் கம்பெனியின் லாப விகிதம் 24-ஐ 400-ஆல் வகுத்தால் 6 சதவீதம். சொத்துச் சுழற்சி 400-க்கு 400, அதாவது 1 தடவை. கடன் பெருக்கம் 400-ஐ 160-ஆல் வகுத்தால் 2.5. ஆக 6 × 1 × 2.5 = 15.

பொட்டலக் கம்பெனியின் லாப விகிதம் 48-ஐ 960-ஆல் வகுத்தால் 5 சதவீதம்தான். சொத்துச் சுழற்சி 960-ஐ 400-ஆல் வகுத்தால் 2.4 தடவை. கடன் பெருக்கம் 400-ஐ 320-ஆல் வகுத்தால் 1.25. ஆக 5 × 2.4 × 1.25 = 15.

விற்பனை லாபத்தை மட்டும் பார்த்தால் தோட்டக் கம்பெனியே மேல் என்று தோன்றும். ஆனால் முதல் இரண்டு பகுதிகளையும் பெருக்கிப் பாருங்கள். தோட்டத்தில் 100 ரூபாய்ச் சொத்து 6 ரூபாய் லாபம் தருகிறது. பொட்டலக் கம்பெனியில் அதே 100 ரூபாய்ச் சொத்து 12 ரூபாய் தருகிறது. பாதியாக நின்ற தோட்டத்தை 15-க்குத் தூக்கியது மூன்றாவது பகுதியான கடன் பெருக்கம்தான்.

மலையின் சொத்து ஏன் மெதுவாகச் சுழல்கிறது?

இது நிர்வாகத்தின் சோம்பல் அன்று, தொழிலின் இயல்பு. தேயிலைச் செடியை நட்டால் சரியான விளைச்சல் வரச் சில ஆண்டுகள் காத்திருக்க வேண்டும். அதுவரை போட்ட பணம் மண்ணிலேயே கிடக்கும். பறித்த கொழுந்து அன்றே பாக்டரிக்குப் போய்ச்சேர வேண்டுமாகையால் தோட்டத்துக்கு அருகிலேயே பாக்டரி வேண்டும். அதிலும் நாலரைக் கிலோவையொட்டிப் பச்சைக் கொழுந்து போனால்தான் ஒரு கிலோ தூள் கிடைக்கும். மழைக்குப் பின் கொழுந்து பெருகும் மாதங்களுக்கு ஏற்ற அளவில் பாக்டரி கட்டினால், கொழுந்து குறைந்த மாதங்களில் அதன் ஒரு பகுதி சும்மா இருக்கும். தொழிலாளருக்குக் குடியிருப்பும் மருத்துவ வசதியும் தோட்டத்தின் பொறுப்பில் இருப்பவை. அவையும் சொத்தாகக் கணக்கில் ஏறுகின்றன.

பொட்டலக் கம்பெனியின் சொத்தோ பெரும்பாலும் கையிருப்புச் சரக்கும் வியாபாரிகளிடமிருந்து வரவேண்டிய பாக்கியும்தான். சில வாரங்களில் சரக்கு பணமாகிவிடும். அந்தப் பணம் மறுபடியும் சரக்காகும்.

இந்த வேறுபாட்டை மனத்தில் வைத்துப் பார்த்தால் 2005-இல் மூணாற்றில் நடந்ததன் வணிகப் பொருள் விளங்கும். அதற்கு முன்பு, 2000-ஆம் ஆண்டில், டாட்டா டீ இங்கிலாந்தின் டெட்லி நிறுவனத்தை 27 கோடியே 10 லட்சம் பவுனுக்கு வாங்கியிருந்தது. தன்னைவிடப் பெரிய கம்பெனியை அது வாங்கியது. விலையின் பெரும்பகுதி கடனாகத் திரட்டப்பட்டது. பெயரும் பொட்டலமுமே தன் தொழில் என்று அந்தக் கம்பெனி திசை திரும்பிவிட்ட நிலையில், மெதுவாகச் சுழலும் மலைச் சொத்தைக் கணக்கிலிருந்து இறக்கியது. சொத்துக் குறைந்தால் சுழற்சி கூடும். இறங்கிய சொத்தும் அதன் நல்லது கெட்டதும் தொழிலாளர்கள் பங்கு வைத்திருக்கும் புதிய கம்பெனியின் கணக்கில் ஏறின. ஆகவே அந்தப் பங்குதாரர்கள் தங்கள் கம்பெனியைப் பொட்டலக் கம்பெனியோடு ஒப்பிடும்போது சுழற்சி குறைவு என்று மனம் நோவது பொருந்தாது. அதே சமயம், சுழற்சி குறைந்த கம்பெனியில் மற்ற இரண்டு பகுதிகளையும் அதிகக் கவனத்தோடு காக்க வேண்டும் என்பதை மறப்பதும் கூடாது.

ஏல விலை சரிந்தால்...

தோட்டம் தன் சரக்குக்குத் தானே விலை வைப்பது அபூர்வம். கொச்சியிலோ குன்னூரிலோ நடக்கும் ஏலமே விலையைச் சொல்லும். செலவோ அப்படி இறங்காது. செலவில் பெரும்பங்கு கூலி; விலை சரிந்தாலும் செடி தளிர்க்கும், கொழுந்தைப் பறித்தே ஆகவேண்டும்.

நம் உதாரணத் தோட்டத்தில் விலை நூற்றுக்கு 5 மட்டும் சரிவதாகக் கொள்வோம். விற்பனை 400 கோடியிலிருந்து 380 கோடியாகும். செலவு பழைய 376 கோடியே. லாபம் 4 கோடி. விலை இருபதில் ஒரு பங்கு குறைந்ததற்கு லாபம் ஆறில் ஒரு பங்காகிவிட்டது. மூன்று பகுதிகளில் பார்த்தால் லாப விகிதம் 6 சதவீதத்திலிருந்து 1.05 சதவீதமாகச் சரிந்தது, சுழற்சி 0.95, கடன் பெருக்கம் அதே 2.5. பெருக்கினால் பங்குதாரர் லாபம் நூற்றுக்கு 2.5. இடி விழுந்த இடம் லாப விகிதம் என்பது பளிச்சென்று தெரிகிறது. பொட்டலக் கம்பெனிக்கு இதே விலைச் சரிவு கொள்முதல் மலிவு. கடை விலையை அது உடனே குறைக்காவிட்டால் அதன் லாபம் கூடவும் செய்யும்.

மூணாற்றில் 2015-ஆம் ஆண்டு செப்டம்பரில் பெண் தொழிலாளர்கள் தாங்களாகவே திரண்டு நடத்திய போராட்டத்தின் பின்னணியிலும் லாப விகிதப் பிரச்னையே இருந்தது. முந்தைய ஆண்டு 20 சதவீதமாக இருந்த போனஸ் 10 சதவீதம் என்று அறிவிக்கப்பட்டது. லாபம் குறைந்துவிட்டது என்று கம்பெனி காரணம் சொன்னது. அன்றைய போனஸ் சட்டப்படி குறைந்தபட்சம் 8.33 சதவீதம், அதிகபட்சம் 20 சதவீதம். இடையில் எவ்வளவு என்பதை லாபக் கணக்கே தீர்மானிக்கும். முடிவில் 8.33 சதவீதம் போனஸாகவும் 11.67 சதவீதம் கருணைத் தொகையாகவும் மொத்தம் 20 சதவீதம் பெற்றார்கள். "பெண்கள் ஒற்றுமை" என்ற பெயர் அப்போதுதான் நாடெங்கும் பரவியது. பங்குதாரராகவும் கூலிக்காரராகவும் ஒருவரே இருக்கும்போது இழுபறி அவருக்குள்ளேயே நடக்கிறது. போனஸ் கூடினால் லாப விகிதம் குறையும், டிவிடெண்டும் குறையலாம். ஆனால் தொழிலாளியின் சிறு பங்குக்கு வரும் டிவிடெண்டைவிட அவர் கையில் விழும் கூலியும் போனஸும் பல மடங்கு பெரியவை. ஆகவே அவர் எதற்காக நின்றார் என்பதில் வியப்பில்லை.

கடன் என்னும் நெம்புகோல்

இனி மூன்றாவது பகுதிக்கு வருவோம். தோட்டக் கம்பெனியின் 400 கோடிச் சொத்தில் 160 கோடி சொந்தப் பணம். மீதி 240 கோடி வெளியார் பணம். அதில் 150 கோடி 10 சதவீத வட்டிக்கு வாங்கிய பாங்குக் கடன் என்று கொள்வோம். ஆண்டு வட்டி 15 கோடி. 24 கோடி லாபம் இந்த வட்டியையும் கட்டியபின் நின்றது.

அந்தக் கடனே இல்லாமல் பங்குதாரர்களே 150 கோடியைப் போட்டிருந்தால் என்ன ஆகும்? பங்குதாரர் நிதி 310 கோடி, லாபம் 39 கோடி, நூற்றுக்கு 12.6. கடன் வாங்கியதால் இது 15 ஆயிற்று. 10 ரூபாய் வட்டிக்கு வாங்கி 12.6 ரூபாய் சம்பாதித்தால் வித்தியாசம் பங்குதாரருக்கு மிச்சம்.

விலை சரிந்த ஆண்டில் பாருங்கள். கடன் இல்லாத தோட்டம் 19 கோடி லாபம் காட்டும். 310 கோடிக்கு நூற்றுக்கு 6.1. கடனுள்ள தோட்டமோ 2.5-இல் நிற்கிறது. 10 ரூபாய் வட்டிக்கு வாங்கி 6 ரூபாய் சம்பாதித்தால் நஷ்டத்தைச் சொந்தப் பணத்திலிருந்து கட்டவேண்டும். அடுத்த ஆண்டும் விலை மறுபடி நூற்றுக்கு 5 சரிந்தால் விற்பனை 361 கோடி. கடனில்லாத தோட்டம் லாபமுமில்லை நஷ்டமுமில்லை என்று தப்பும். கடனுள்ள தோட்டம் 15 கோடி நஷ்டப்படும். நல்ல காலத்தில் உயர்த்திய அதே நெம்புகோல் கெட்ட காலத்தில் அமுக்குகிறது.

இதோடு முடியவில்லை. முந்தைய ஆண்டின் 4 கோடி லாபம் டிவிடெண்டாகப் போய்விட்டது என்றால், 15 கோடி நஷ்டத்துக்குப் பிறகு பங்குதாரர் நிதி 145 கோடியாகச் சுருங்கும். சொத்து 385 கோடி. கடன் பெருக்கம் 2.5-லிருந்து 2.66 ஆகிவிடும். ஒரு ரூபாய்கூடப் புதிதாகக் கடன் வாங்காமலே கடன் பளு ஏறிவிட்டது. மூன்றாம் ஆண்டு விலை மீண்டு பழைய 24 கோடி லாபம் வந்தால் கணக்கு என்ன சொல்லும்? ஆண்டுத் தொடக்கத்தில் இருந்த 145 கோடிக்கு 24 கோடி, நூற்றுக்கு 16.6. முதலாண்டின் 15-ஐவிடக் கூடுதல்! முன்பைவிட ஏழையான கம்பெனி முன்பைவிடச் சிறந்ததாகத் தோன்றுகிறது. ஆண்டறிக்கையில் "பங்குதாரர் லாபம் உயர்ந்தது" என்ற வரியைக் கண்டால், லாபம் கூடியதா அல்லது வகுக்கும் எண் சுருங்கியதா என்று முதலில் பார்க்கவேண்டியது இதனால்தான்.

கடன் கொடுத்தவர் யார்?

வெளியார் பணம் 240 கோடியில் 150 கோடி பாங்குக் கடன் போக மீதி 90 கோடி யாருடையது? இதற்கு விடை தேடுவது தோட்டப் பகுதியில் மிக முக்கியம். உரக் கடைக்காரருக்குக் கொடுக்கவேண்டியது, மின்சாரக் கட்டணப் பாக்கி ஆகியவற்றோடு, தொழிலாளருக்கு ஓய்வுபெறும்போது கொடுக்கவேண்டிய பணிக்கொடை, கொடுக்காத கூலி, கட்டாத சேமநிதி ஆகியவையும் இதற்குள்ளேயே அடங்கும். கணக்குப் புத்தகத்தில் இவையெல்லாம் "கடன்பாடுகள்" என்ற ஒரே தலைப்பின் கீழ் வரும்.

பணிக்கொடைக்காக ஒதுக்கி வைப்பது முறையான வழக்கம், அதில் தவறில்லை. ஆனால் ஒவ்வோர் ஆண்டும் பாங்குக் கடன் அப்படியே இருக்க, கூலிப் பாக்கியும் சேமநிதிப் பாக்கியும் மட்டும் வளர்ந்துகொண்டே போனால் அந்தத் தோட்டம் யாரிடம் கடன் வாங்கி ஓடுகிறது என்பது தெளிவு. கொழுந்து பறிப்பவரிடமே, வட்டியில்லாமல், அவரைக் கேட்காமலே வாங்குகிறது. இடுக்கி மாவட்டத்தின் பீருமேடு பகுதியில் 2000-ஆம் ஆண்டையொட்டிச் சில தோட்டங்கள் கைவிடப்பட்டபோது, கூலியும் பணிக்கொடையும் வராமல் தமிழ்க் குடும்பங்கள் பல ஆண்டுகள் லயங்களிலேயே காத்துக் கிடந்தன. மூடிய பிறகு தெரியவரும் அந்தப் பாக்கி, மூடுவதற்கு முந்தைய ஆண்டுகளின் கணக்கில் கடன் பெருக்கத்தின் ஒரு பகுதியாக ஏறிக்கொண்டே வரும். பார்க்கத் தெரிந்தவருக்கு அது முன்னறிவிப்பு.

ஹார்லிக்ஸ் சொல்லும் பாடம்

பங்குதாரர் லாபம் திடீரென்று விழுந்தால் அதுவும் கேடுதான் என்று எண்ணிவிடக் கூடாது. ரெட் லேபிள் தேயிலையும் புரூ காப்பியும் விற்கும் ஹிந்துஸ்தான் யூனிலீவர் கம்பெனியின் கணக்கு இதற்கு நல்ல சான்று. 2019-20-இல் அதன் விற்பனை சுமார் 38,800 கோடி ரூபாய், லாபம் சுமார் 6,700 கோடி, பங்குதாரர் நிதி சுமார் 8,000 கோடிதான். நூற்றுக்கு 80-க்கும் மேல் லாபம். மறு ஆண்டு விற்பனை சுமார் 46,000 கோடியாகவும் லாபம் சுமார் 7,950 கோடியாகவும் ஏறின. ஆனால் பங்குதாரர் லாப விகிதம் நூற்றுக்கு 17 ஆக விழுந்துவிட்டது.

என்ன நடந்தது? 2020 ஏப்ரலில் ஹார்லிக்ஸ் தயாரித்து வந்த கம்பெனி இதனுடன் இணைந்தது. ரொக்கத்துக்குப் பதிலாக அந்தக் கம்பெனியின் பங்குதாரர்களுக்குப் புதுப் பங்குகள் கொடுக்கப்பட்டன. பங்குதாரர் நிதி சுமார் 47,000 கோடியாக வீங்கியது. எதிர்ப்பக்கத்தில் பெயரின் மதிப்பும் நற்பெயர் மதிப்பும் சொத்தாக ஏறின. மொத்தச் சொத்து 19,600 கோடியிலிருந்து 68,000 கோடியானது. மூன்றாகப் பிரித்தால் லாப விகிதம் இரண்டு ஆண்டுகளிலும் சுமார் 17 சதவீதம், அசையவே இல்லை. சுழற்சி 2 தடவையிலிருந்து 0.7-ஐ ஒட்டி இறங்கியது. கடன் பெருக்கம் சுமார் 2.4-லிருந்து 1.4 ஆயிற்று. கடையில் சோப்பும் தேயிலையும் முன்போலவே விற்றன. மாறியது கணக்கில் எழுதிய சொத்தின் அளவு.

இதற்கு எதிர்ப்புறமும் உண்டு. பழைய தோட்டங்களும் பாக்டரிகளும் பல ஆண்டுகளுக்கு முந்தைய விலையில், தேய்மானமும் கழிந்து, சிறு தொகையாகப் புத்தகத்தில் நிற்கும். அப்போது சுழற்சி உண்மையைவிட அழகாகத் தோன்றும். மறுநடவு செய்யாமல் கிழச் செடிகளையே பறித்துக்கொண்டிருக்கும் தோட்டம், செலவு செய்து புதுச் செடி நட்ட தோட்டத்தைவிடச் சில ஆண்டுகளுக்கு மேலாகத் தெரியும். ஒரு ஹெக்டேருக்கு எத்தனை கிலோ விளைந்தது என்பதையும் சேர்த்துப் பார்த்தால்தான் இந்த மயக்கம் தெளியும்.

எப்படிச் செய்து பார்ப்பது?

ஆண்டறிக்கையில் இரண்டு பக்கங்கள் போதும். லாப நஷ்டக் கணக்கிலிருந்து விற்பனை வருமானத்தையும் வரி போக நின்ற லாபத்தையும் எடுத்துக்கொள்ள வேண்டும். ஐந்தொகையிலிருந்து மொத்தச் சொத்தையும் பங்குதாரர் நிதியையும் எடுக்க வேண்டும். ஐந்தொகை ஒரு நாளின் படம், லாபக் கணக்கு ஓராண்டின் கதை. ஆகவே சொத்துக்கும் நிதிக்கும் ஆண்டின் தொடக்கத் தொகையையும் முடிவுத் தொகையையும் கூட்டி இரண்டால் வகுத்துச் சராசரி எடுப்பது நல்லது. நிலமோ மரமோ விற்று வந்த ஒருதடவை வருமானம் லாபத்தில் கலந்திருந்தால் அதைக் கழித்துவிட வேண்டும். இல்லாவிட்டால் தூள் விற்று வந்த லாபம் எது என்று தெரியாமல் போகும். நான்கு எண்கள், மூன்று வகுத்தல்கள், ஒரு பெருக்கல், அவ்வளவே.

ஓராண்டோடு நிறுத்தாமல் ஐந்தாண்டுக்கு வரிசையாக எழுதினால் எந்தப் பகுதி நகர்கிறது என்பது தெரியும். ஒப்பிடும்போது ஒரே தொழிலில் உள்ளவற்றை ஒப்பிடுவதே முறை. வாளையாறு சிமென்ட் ஆலையின் சுழற்சியைப் பாலக்காட்டு மளிகை மொத்த வியாபாரியின் சுழற்சியோடு ஒப்பிட்டு ஆலையைக் குறைசொல்ல முடியாது. சூளையும் சுண்ணாம்புக்கல் சுரங்கமும் அரிசி மூட்டைபோல் சுழலா. பாங்குக்குக் கடன் பெருக்கம் 10 மடங்குக்கு மேல் இருப்பது சகஜம். மக்களின் டிபாசிட்டே அதன் மூலப் பொருள். அதே 10 மடங்கு ஒரு தோட்டத்தின் கணக்கில் இருந்தால் அது கவலைக்குரியது.

பங்கு வைத்திருக்கும் தொழிலாளி ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் எழுந்து "லாபம் ஏன் குறைந்தது?" என்று பொதுவாகக் கேட்டால் "மார்க்கெட் சரியில்லை" என்ற பொதுவான பதிலே கிடைக்கும். விலை சரிந்து லாப விகிதம் இறங்கியதா, பாக்டரி பாதி நேரம் சும்மா இருந்து சுழற்சி இறங்கியதா, கடன் பெருக்கம் ஏறியிருந்தால் ஏறிய தொகை பாங்குடையதா அல்லது தங்கள் பணிக்கொடைப் பாக்கியா என்று பிரித்துக் கேட்டால், மேஜைக்கு அந்தப் பக்கம் இருப்பவர்கள் கணக்கைத் திறந்துதான் பதில் சொல்லவேண்டியிருக்கும். முதல் கேள்விக்கு விடை ஏல மையத்தில் இருக்கிறது, இரண்டாவதற்கு பாக்டரியில், மூன்றாவதற்கு ஐந்தொகையின் கடன்பாடுகள் பக்கத்தில்.